10 வயது லாப்ரடாருக்கு இரண்டு கட்டி: ஊசி குத்திப் பார்க்கத்தான் வேண்டுமா?

மீனா: எங்கள் லாப்ரடாரின் விலாவில் எலுமிச்சை அளவு கட்டி ஒன்று ஒன்றரை வருடமாக இருக்கிறது. மெத்தென்று இருக்கும், பிடித்தால் நழுவும். போன மாதம் தொடையில் பட்டாணி அளவில் இன்னொன்று வந்தது. சில நாள் சிவந்து வீங்கும், அப்புறம் தானாக வற்றிவிடும். இரண்டிலும் ஊசி குத்திப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். தொட்டுப் பார்த்தே சொல்ல முடியாதா? குத்தினால் பரவும் என்று மாமியாருக்குப் பயம்.

குமார்: நழுவினால் கொழுப்புக் கட்டிதான். எங்கள் லாபுக்கு நாலு இருந்தது, எதையும் தொடவில்லை, 14 வயது வரை இருந்தான். அந்தச் சின்னது வற்றுகிறதே, புற்று என்றால் வற்றுமா?

ரஹீம்: தடுப்பூசி போட்ட இடத்தில் எங்கள் பொமரேனியனுக்கும் இப்படித்தான் வீங்கியது. இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது.

மீனா: அண்ணா, இது தடுப்பூசி இல்லை. கட்டியிலிருந்து செல் எடுக்கும் ஊசி.

வசந்தி: கால்நடை ஆய்வகத்தில் ஸ்லைடு பார்க்கும் வேலை எனக்கு. விலாக் கட்டி பற்றிக் குமார் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் மாஸ்ட் செல் கட்டி என்ற தோல் புற்றும் சில சமயம் அதே மாதிரி மெத்தென்று இருக்கும், லாப்ரடார்களுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வரும். விரலுக்கு வித்தியாசம் தெரியாது.

தொடைக் கட்டி வற்றுவதுதான் எனக்கு உறுத்துகிறது. மாஸ்ட் செல்களுக்குள் ஹிஸ்டமின் இருக்கிறது. அது கசிந்தால் கட்டி வீங்கும், அடங்கினால் சுருங்கும். அதனால் அதைப் பிதுக்காதீர்கள்.

சாதாரண ஊசிதான், மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. தோல் கட்டியில் குத்துவதால் புற்று பரவும் என்று பயப்பட வேண்டாம். கொழுப்பு என்றால் ஸ்லைடில் எண்ணெய்த் துளி மாதிரி நிற்கும், காயாது. மாஸ்ட் செல் என்றால் சாயம் போட்டதும் ஊதா மணிகள் தெரியும். கொழுப்பை அப்படியே விட்டுவிடலாம். மற்றது என்றால் சுற்றிலும் 2 செ.மீ. வரை நல்ல தோலையும் சேர்த்து வெட்ட வேண்டிவரலாம். எவ்வளவு வெட்டுவது என்று கத்தி வைக்கும் முன்பே தெரிய வேண்டும், அதற்குத்தான் ஊசி.

குமார்: அப்போ ஸ்டீராய்டு கொடுத்துச் சுருக்கிவிடலாமே?

வசந்தி: சுருங்கும், கொஞ்ச நாளைக்கு. அப்புறம் ஸ்லைடில் என்ன இருக்கிறது என்று சொல்வதே கஷ்டமாகிவிடும்.

மீனா: இன்று எடுத்தார்கள். அவன் பிஸ்கட் தின்றுகொண்டே நின்றான். விலாவில் வெறும் கொழுப்பு. தொடையில் ரத்தம் மட்டும்தான் வந்ததாம். அப்படியென்றால் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

வசந்தி: இல்லை. ரத்தம் மட்டும் என்றால் பதில் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். சில கட்டிகள் ஊசிக்குச் செல்லே விடாது. அப்போது சின்னத் துண்டு வெட்டி பயாப்சிக்கு அனுப்புவார்கள்.

மீனா: வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.