புதுப்பிப்பு: நீராவியின் அழுத்தத்தைக் குறைத்து, தண்ணீர் அடித்துக் குளிர்விக்கும் லைனில் தண்ணீர் வால்வு முழுசா திறந்தும் வெப்பநிலை 184-லேயே நிற்கும் பிரச்சினை

முன்பு கேட்டது: “அவுட்லெட் அழுத்தம் 10 பார், சரியாக இருக்கு. வெப்பநிலை செட்பாயின்ட் 180 டிகிரி. தண்ணீர் வால்வு 100% திறந்தும் 184-க்குக் கீழே இறங்கல. ஏன்?”

தண்ணீர் தெளிக்கும் நாசில் அடைப்பு என்று ஒருவர் சொன்னார். பாதி நியாயம்தான், ஆனால் அடைத்திருந்தால் வெப்பநிலை மேலே போயிருக்கும். இங்கே ட்ரெயினைத் திறந்ததும் தண்ணீராகக் கொட்டியது.

விடையைச் சொன்னவர் பழைய ஆபரேட்டர்: கேஜ் 10 பாரில் நீராவியின் செறிவு வெப்பநிலையே, அதாவது நீராவி தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலையே, சுமார் 184. அந்த அழுத்தத்தில் நீராவி இருக்கும் வரை எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் அதற்குக் கீழே போகாது. ஆவியாகாத தண்ணீர் பைப்பில் தேங்கும். கன்ட்ரோலருக்கு அது தெரியாது, வால்வைத் திறந்துகொண்டே போகும்.

செட்பாயின்ட்டை 194 ஆக்கியதும் வால்வு இறங்கி நின்றது. கணக்கும் ஒத்துவருகிறது: 40 பார், 400 டிகிரி நீராவி 100 கிலோவுக்கு, 105 டிகிரி தண்ணீர் சுமார் 17 கிலோ போதும். அழுத்தத்தைக் குறைப்பதால் மட்டும் இறங்குவது 25 டிகிரி அளவுதான்.

இன்னொருவர் தன் லைனில் அழுத்தம் ஆடுவதைக் கேட்டார். அது வேறு விஷயம்: அடித்த தண்ணீரும் நீராவியாகி அழுத்தத்தை ஏற்றும், அழுத்த வால்வு மூடும், இரண்டும் மாறி மாறித் துரத்தும். வெப்பநிலை லூப்பை மெதுவாக்கிப் பாருங்கள்.

குறைந்த லோடில் இங்கேயும் வெப்பநிலை ஆடுகிறது. நாசிலா, சென்சார் தூரமா என்று இன்னும் பிடிபடவில்லை.