பொருள்: துணி மாதிரிப் படத்தில் நல்ல பகுதியை மட்டும் எடுப்பதற்கு ஒரு கலைச்சொல்

ஈரோடு, கையேட்டுக் குழு

அனைவருக்கும் வணக்கம்.

கைத்தறித் துணி மாதிரிகளைப் படமெடுத்துச் சேமிப்பதற்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறோம். மேசையில் மாதிரித் துணியை விரித்து, பக்கத்தில் அளவுகோலை வைத்து, மேலிருந்து படமெடுக்கிறோம். பிறகு மேசையும் வேண்டாம், வெட்டிய ஓரத்தில் தொங்கும் பிசிறும் வேண்டாம், நடுவிலுள்ள நல்ல துணி மட்டும் போதும் என்று அந்தப் பகுதியைத் தனிப்படமாக எடுக்கிறோம். இந்தச் செயலுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

'கிராப்' என்பதற்குப் 'பயிர்' என்று போட்ட மென்பொருள்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 'செதுக்கு' என்பது இப்போது கைபேசிகளில் பரவியிருக்கிறது. ஆனால் அது எந்தப் படத்தையும் எப்படியும் குறைப்பதற்கான பொதுச்சொல். நாங்கள் செய்வது அழகுக்காகக் குறைப்பது அன்று. அந்தப் படத்திலிருந்து இழைகளை எண்ணப்போகிறோம், கட்டங்களை அளக்கப்போகிறோம். என் முன்மொழிவு 'பிசிறுநீக்கம்'. கருத்துச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புடையீர், 'பிசிறுநீக்கம்' பொருத்தமானதே, ஆனால் மேசை விடுபட்டுவிடுகிறது. நீக்கப்படுவது ஓரம் என்பதால் 'கரைநீக்கம்' எனலாம். கரை என்பது ஆற்றுக்கும் துணிக்கும் பொதுவான பழஞ்சொல். சுருக்கமாகவும் இருக்கிறது.

சென்னிமலை, தறிக்காரர்

ஐயா, கரை என்பது துணிக்குரிய சொல்தான். அதனால்தான் இங்கே கூடாது. 'கரைநீக்கம்' என்று கையேட்டில் எழுதினால், எங்கள் பிள்ளைகள் சேலையின் கரையையே வெட்டி எறிந்துவிட்டுப் படத்தைச் சேமிப்பார்கள். ஒரு சேலை மாதிரியில் கரையும் உடலும் சேரும் இடந்தான் பார்க்கவேண்டிய இடம். அங்கேதான் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் நெருக்கமும் நிறமும் மாறும்.

'பிசிறுநீக்கம்' என்பதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. பனியன் கம்பெனிகளில் பிசிறு வெட்டுவது என்று ஒரு வேலையே இருக்கிறது. தைத்து முடித்த உடுப்பில் தொங்கும் நூலைக் கத்தரியால் வெட்டுவார்கள். அந்த வேலை உண்மைத் துணியில் நடப்பது. நீங்கள் கேட்பது படத்தில் நடப்பது. பிசிறுநீக்கம் செய்க என்று எழுதியிருந்தால் ஒருவர் கத்தரியை எடுத்து மாதிரியின் ஓரத்தை மழித்துவிடுவார். மழித்த இடத்தில் மறுபடி பிசிறு கிளம்பும். மாதிரியும் சிறுத்துப்போகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பிசிறு என்பது கண்ணுக்குத் தெரிவது. கெட்டுப்போன பகுதி அதோடு முடிவதில்லை. துணியை வெட்டியதும், குறுக்கே ஓடும் ஊடை நூல்களில் ஓரத்திலுள்ளவை பிடிமானம் இழந்து வெளியே நகர்கின்றன. அவற்றுக்கு அடுத்த நூல்கள் கிடைத்த இடத்தில் கொஞ்சம் தளர்கின்றன. தளர்ச்சி உள்ளே போகப்போகக் குறையும். வெறும் கண்ணுக்கு அது முழுத் துணிபோலவே இருக்கும். இழை எண்ணும் உருப்பெருக்கியான பிக் கிளாஸை வைத்து ஓரத்திலிருந்து உள்ளே நகர்த்திக்கொண்டே எண்ணுங்கள். ஓரத்தில் எண்ணிக்கை குறைவாக வரும், பிறகு ஏறும், ஓர் இடத்துக்குப் பிறகு மாறாது. அந்த மாறாத இடத்தில்தான் துணி தொடங்குகிறது.

எனவே எதை எறிகிறோம் என்று பெயர் வைக்காமல், எதை வைத்துக்கொள்கிறோம் என்று வையுங்கள்.

பவானி

வணக்கம். நான் ஜமக்காளம் விற்கிறேன். எங்கள் ஜமக்காளத்தின் இரு முனையிலும் பாவு நூலை முடிந்து குஞ்சம் விடுவோம். படத்தில் அதையும் பிசிறு என்று வெட்டிவிடச் சொல்கிறீர்களா? குஞ்சம் இல்லாத படத்தைப் பார்த்தால் வாங்குபவர் பாதிச் சரக்கு என்றல்லவா நினைப்பார்?

ஈரோடு, கையேட்டுக் குழு

அக்கா, உங்கள் குஞ்சத்தை யாரும் தொடமாட்டார்கள். விற்பனைக்கான படத்தில் முழுப் பொருளும் தெரியவேண்டும். நாங்கள் பேசுவது ஒரு முழுத் துணித் தானிலிருந்து சிறு துண்டாக வெட்டிய மாதிரியைப் பற்றி. அதில் ஓரம் என்பது கத்தரி போன இடந்தான். ஆனாலும் உங்கள் கேள்வி எனக்குப் பயன்பட்டது. நெய்தவர் வேண்டுமென்று விட்ட நூலும், வெட்டியதால் அவிழ்ந்த நூலும் வேறு என்று கையேட்டில் ஒரு வரி சேர்க்கிறேன்.

சென்னிமலை ஐயா, நீங்கள் சொன்னதை உங்கள் ஊர்க் கட்டம்போட்ட படுக்கை விரிப்பின் துண்டில் செய்துபார்த்தேன். துண்டு 12 செ.மீ. சதுரம். அளவுகோலை வைத்துப் பார்த்ததில் படத்தில் ஒரு மி.மீ. என்பது 20 பிக்சல், ஆகவே துணி முழுதும் 2400 பிக்சல். பிசிறு 4 மி.மீ. வரை தெரிந்தது. ஆனால் எண்ணிக்கை நிலைத்தது 10 மி.மீ.க்கு அருகில்தான். பிசிறோடு நின்றிருந்தால் ஒவ்வொரு பக்கமும் 6 மி.மீ. தளர்ந்த துணியை நல்ல துணியென்று சேர்த்திருப்போம். நான்கு பக்கமும் 10 மி.மீ. விட்டால் 100 மி.மீ. மிஞ்சுகிறது. கட்டம் 30 மி.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருகிறது. மூன்று முழுக் கட்டங்களுக்கு 90 மி.மீ., அதாவது 1800 பிக்சல் எடுத்துக்கொண்டேன். மீதி 10 மி.மீ. நல்ல துணியே என்றாலும் விட்டுவிட்டேன். முழுக் கட்டமாக இருந்தால்தான் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி விரிப்பு முழுவதும் எப்படித் தெரியும் என்று பார்க்கமுடியும். அரைக் கட்டத்தில் முடிந்தால் இணைப்பில் நிறம் இடறும்.

சென்னை, மென்பொருள் தமிழாக்கம்

பெயர் என்னவாக இருந்தாலும் முதலில் செதுக்கிவிட்டுப் பிறகு நேர்ப்படுத்தலாமே. சிறிய படத்தைத் திருப்புவது வேகமாக முடியும். நாங்கள் எப்போதும் அப்படித்தான் செய்கிறோம். சொல்லுக்கு என் வாக்கு 'உள்வெட்டு'.

சென்னிமலை, தறிக்காரர்

தம்பி, வேகம் சரி, வரிசை சரியில்லை. செதுக்கிய சதுரத்தைத் திருப்பினால் நான்கு மூலையிலும் வெற்று முக்கோணம் வரும். அதை நீக்க மறுபடி செதுக்கவேண்டும், கணக்காக எடுத்த மூன்று கட்டம் போய்விடும். துணி ஒன்றரைப் பாகை சாய்ந்திருந்தால் 2400 பிக்சல் நீளத்தில் 63 பிக்சல் விலகும். அவருடைய அளவில் அது 3 மி.மீ.க்கு மேல். முதலில் திருப்புங்கள், அதையும் ஒரே முறை திருப்புங்கள். ஒவ்வொரு திருப்பலிலும் இழையின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். மேசையிலேயே துணியை நேராக விரித்தால் அந்த வேலையும் இல்லை.

சென்னை, மென்பொருள் தமிழாக்கம்

ஏற்கிறேன் ஐயா. அப்படியானால் இமேஜ்மேஜிக் மென்பொருளில் கட்டளை இந்த வரிசையில் வரும். எண்களை அவரவர் படத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவும்:

```
magick mathiri.tif -rotate 1.5 +repage -crop 1800x1800+900+640 +repage parappu.tif
```

வெளியீட்டுக்கு வேறு பெயர் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். அளவுகோல் மூலப்படத்தில்தான் இருக்கிறது. மூலத்தின் மேலேயே சேமித்துவிட்டால், ஒரு மி.மீ.க்கு எத்தனை பிக்சல் என்று பிறகு யாராலும் சொல்லமுடியாது.

ஒரு கேள்வி. பாவு நூலை நிமிர்த்தினால் ஊடை நூல் சாய்ந்து நிற்கிறது. ஊடையைப் படுக்கவைத்தால் பாவு சாய்கிறது. இரண்டையும் சேர்த்து இழுத்துச் சதுரமாக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

சென்னிமலை, தறிக்காரர்

கேமரா சாய்ந்ததா, துணியே சாய்ந்ததா என்று முதலில் பாருங்கள். கேமரா சாய்ந்திருந்தால் மேசையில் வைத்த கட்டத்தாளும் சேர்ந்து கோணலாகும். இணையாக ஓடவேண்டிய கோடுகள் ஒரு பக்கம் நெருங்கும். அப்போது கட்டத்தாளைச் சதுரமாக்குங்கள், துணி தானாக அதன் உண்மை வடிவத்துக்கு வரும். கட்டத்தாள் சதுரமாகவே இருந்து, துணியின் ஊடை மட்டும் சாய்ந்தால் அது துணியின் குறை. தறியில் ஒரு பக்கம் முந்திக்கொண்டிருக்கும், அல்லது சலவைக்குப் பிறகு இழுத்துக் காயவைத்ததில் சாய்ந்திருக்கும். அதைப் படத்தில் நிமிர்த்தினால் குறை மறைந்துவிடும். பார்ப்பவர் நல்ல துணி என்று நம்புவார். பாவைச் செங்குத்தாக நிறுத்துங்கள், ஊடை சாய்ந்தால் சாயட்டும்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தறிக்காரர் சொன்ன காரணம் எனக்கு வலுவாகத் தெரிகிறது. வைத்துக்கொள்ளும் பகுதிக்குத்தான் முதலில் பெயர் வேண்டும், செயலுக்கு அதிலிருந்து வினை கிடைக்கும். 'உள்வெட்டு' என்றால் எவ்வளவு உள்ளே என்பது தெரிவதில்லை. நெசவு குலையாமல் நிற்கும் இடம் என்பதால் 'நெசவுப்பரப்பு' எனலாமா? செயலுக்கு 'நெசவுப்பரப்பு எடுத்தல்'. புதிதாக எதையும் கற்காமலே எந்த நெசவாளருக்கும் புரியும். எல்லை எங்கே என்பதையும் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

கரூர், ஏற்றுமதி மாதிரி அறை

நல்ல சொல். நாளையே பயன்படுத்தலாம். ஆனால் 10 மி.மீ. என்பதை விதியாக எழுதிவிடாதீர்கள். எங்களிடம் சமையலறைத் துணிகள் வருகின்றன. தளர்வாக நெய்தவற்றில் வெட்டிய மறுநாளே இரண்டு விரற்கடை உள்ளே வரை நூல் நகர்ந்திருக்கும். நெருக்கமாக நெய்த கேன்வாஸில் 3 மி.மீ. தாண்டாது. பற்கத்தரியால் வெட்டினால் பிசிறு குறையும். ஆனால் பல்லின் பள்ளம் எவ்வளவு ஆழமோ அதைக் கடந்துதான் அளக்கத் தொடங்கவேண்டும். ஒவ்வொரு துணிக்கும் எண்ணிப் பார்த்துத்தான் எல்லை வைக்கமுடியும்.

இன்னொன்று, துணியின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றால் மேசையில் நிழல் விழும், துணியின் மேலும் ஓரத்தையொட்டி வெளிச்சம் மாறும். நெசவு சரியாக இருந்தும் நிறம் தவறாக வரும். நிறம் பார்க்கும் படத்துக்கு நெசவுப்பரப்பைவிட இன்னும் உள்ளே போகவேண்டியிருக்கும்.

திருப்பூர்

எல்லோரும் தறியைப் பற்றியே பேசுகிறீர்கள். நாங்கள் செய்வது பின்னல் துணி. அதில் நெசவே கிடையாது, பாவும் கிடையாது ஊடையும் கிடையாது. சிங்கிள் ஜெர்சியை வெட்டினால் பிசிறு வராது, ஓரம் சுருண்டுகொள்ளும். சுருளைக் கையால் விரித்து டேப் ஒட்டினால் கண்ணிகள் அகலமாக இழுபட்டுப் படத்தில் வரும். எங்கள் மாதிரிக்கு 'நெசவுப்பரப்பு' என்று எப்படி எழுதுவது?

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

'சீர்பரப்பு' என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

சென்னிமலை, தறிக்காரர்

பொருந்தும். ஆனால் எங்கே நிறுத்தவேண்டும் என்று அது சொல்லவில்லை. சீர் என்பது ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒவ்வொன்று. பின்னலுக்கு அவர்களே ஒரு சொல் வைத்துக்கொள்ளட்டும்.

ஈரோடு, கையேட்டுக் குழு

கைத்தறி அத்தியாயத்தில் 'நெசவுப்பரப்பு' என்றே எழுதுகிறேன். அளவு சொல்லாமல், இழை எண்ணிக்கை நிலைக்கும் இடம் என்று விளக்கம் தருகிறேன். பின்னல் துணிக்கு இப்போதைக்குப் பெயரில்லை. திருப்பூர் நண்பரே, சுருண்ட ஓரத்துடன் ஒரு படமும், டேப் ஒட்டி விரித்த அதே துணியின் படமும் அளவுகோலோடு அனுப்பமுடியுமா? கண்ணிகள் எவ்வளவு தூரம் இழுபடுகின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அதற்குரிய சொல்லை இதே இழையில் தொடர்வோம்.