புதுப்பிப்பு: நிறுவனருக்கு அனுப்பிய செய்தி

என் பழைய கேள்வி: "சின்ன ஸ்டார்ட்அப். நேர்காணலில் நிறுவனரே அரட்டை மாதிரி பேசினார். நன்றி மெயிலை எப்படி எழுதுவது?"

"மதிப்பிற்குரிய ஐயா" வரைவைத் தூக்கிப் போட்டேன். ஆள் எடுக்கும் வேலையில் இருக்கும் ஒருவர் இங்கே பதிலில் சொன்னபடி, நிறுவனர் என்னை அழைத்த அதே சாட்டில், பேச்சில் வந்த ஒரு சிக்கலைத் தொட்டு எழுதினேன்:

"ஹாய், நேற்று பேசியது பிடித்திருந்தது. புதியவர்கள் பாதியில் விட்டுப்போகிறார்கள் என்றீர்களே, நானே பதிவுசெய்து பார்த்தேன். முதல் திரையிலேயே கார்டு விவரம் கேட்கிறது. அதைக் கடைசிக்குத் தள்ளினால் என்ன? அடுத்த கட்டம் எப்போது என்று சொன்னால் வசதி."

பதில்களில் எமோஜி நிறையப் போடச் சொன்னவர் பாதி சரி. தொனி இலகுவாக இருக்கலாம். ஆனால் நிறுவனர் போடாத எமோஜியை நாம் முதலில் போடுவது கொஞ்சம் அதிகம். வங்கி நேர்காணல் கதை சொன்ன அண்ணா, அங்கே நீங்கள் அனுப்பிய சம்பிரதாயமான மெயில் சரிதான். இங்கே அது ஒட்டாது.

சாயங்காலமே பதில்: "கார்டு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. திங்கள் டீமோடு பேசலாம்." சரி, சம்பளப் பேச்சையும் இதே சாட்டில் எடுக்கலாமா? அதுதான் இன்னும் பிடிபடவில்லை.