குறியிடுநர் உடன்பாடா, குறியொப்பா?

கோரிப்பாளையம்: வணக்கம். ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்த 2014 மே முதல், அலங்காநல்லூரில் ஊரே தெருவில் உட்கார்ந்த 2017 ஜனவரி வரை வந்த நாளிதழ்த் தலையங்கங்கள்தான் என் ஆய்வு. ஒவ்வொரு தலையங்கத்திடமும் கேட்க நான் எழுதிவைத்த கேள்விப் பட்டியலான சட்டகத்தில் ஒரு கேள்வி: ‘தலையங்கம் நீதிமன்றத்தைக் குறை சொல்கிறதா?’ நானும் தோழியும் 100 தலையங்கங்களுக்குத் தனித்தனியே ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று குறியிட்டோம். இருவர் குறியும் ஒத்துப்போவதைக் ‘குறியிடுநர் உடன்பாடு’ என்று எழுதினேன். நெறியாளர் சிவப்பு மையால் சுழித்துவிட்டார். வேறு சொல் கிடைக்குமா?

திருமங்கலம்: கோடருக்கு நிரலர் என்ற சொல் இருக்கிறதே. ‘நிரலர் இணக்கம்’ என்று போடுங்கள். எங்கள் அலுவலகத்தில் அது இல்லாமல்தான் தினமும் சண்டை.

பசுமலை: தம்பி, இது கணினிக் கோடிங் இல்லை. நெறியாளர் சுழித்தது சரிதான். உடன்பாடு என்றால் உட்கார்ந்து பேசி எட்டிய முடிவு. இங்கே குறியிடும்போது இருவரும் பேசவே கூடாது, பேசினால் சோதனையே வீண். ‘குறியொப்பு’ போதும். ‘குறியாளர்’ மட்டும் வேண்டாம், நம் பக்கம் குறி சொல்கிறவர் என்றுதான் படிப்பார்கள். அம்மா, எத்தனை ஒத்துப்போனது?

கோரிப்பாளையம்: 90, ஐயா. இருவரும் ‘இல்லை’ என்றது 87, ‘ஆம்’ என்றது 3. மாறிய பத்தில் ஆளுக்கு ஐந்து ‘ஆம்’.

மேலூர்: 90 சதவீதம்! குறியொப்பு 90 என்று எழுதி முடியுங்கள்.

பசுமலை: அதில்தான் ஏமாறுகிறோம். ஆளுக்கு 8 ‘ஆம்’, 92 ‘இல்லை’. எதையும் படிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு இதே விகிதத்தில் குறி போட்டிருந்தாலும் ஏறக்குறைய 85 ஒத்துப்போயிருக்கும். மிச்சம் 15தான் படித்துப் பெற வேண்டியது. அதில் கிடைத்தது 5. உளவியலாளர் கோகன் 1960இல் சொன்ன காப்பா என்ற அளவு, இந்த 5ஐ 15ஆல் வகுக்கும் கணக்குதான், தசமத்தோடு துல்லியமாகப் போட்டால் உங்களுக்கு 0.32 வருகிறது. பொதுவாக 0.8 எதிர்பார்ப்பார்கள். ஆக, வெறும் குறியொப்பு ஒன்று, தற்செயலைக் கழித்த ‘நிகரக் குறியொப்பு’ ஒன்று, இரண்டு சொல் வேண்டும். மாறிய பத்தையும் எடுத்துப் பாருங்கள்.

கோரிப்பாளையம்: பார்த்தேன். நான் மட்டும் ‘ஆம்’ போட்ட ஐந்திலும் தீர்ப்பை மறுபடி பரிசீலிக்கச் சொல்லும் வரி இருக்கிறது. தோழிக்கு அது வெறும் கோரிக்கை. அவள் மட்டும் ‘ஆம்’ போட்டவற்றில் நான்கில், குறை சொன்னது ஊர்க்காரர்கள். தலையங்கம் அதை எடுத்துச் சொல்கிறது, அவ்வளவுதான்.

பசுமலை: கோளாறு சட்டகத்தில் இருக்கிறது, உங்களிடம் இல்லை. கோரிக்கை குறையாகுமா, பிறர் சொன்னது சேருமா என்று விதி எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் புதுத் தலையங்கங்களில் சோதியுங்கள். இந்த 100 இனி உதவாது, மாறியவற்றைப் பேசித் தீர்த்தாயிற்று.

மேலூர்: சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் ‘நிகர’ என்றால் வட்டிக்கடை வாடை அடிக்கிறது. ‘மெய்யொப்பு’ எப்படி?

பசுமலை: இருவரும் ஒரே மாதிரி தப்பாகப் படித்தாலும் ஒப்பு வருமே. அதை எப்படி மெய் என்பது?

கோரிப்பாளையம்: ‘குறியொப்பு’ எனக்குப் பிடித்துவிட்டது. அந்த இன்னொன்றை ‘நிகர’ என்றே எழுதிக் காட்டுகிறேன். சொல்லைச் சுழிப்பாரா, 0.32ஐச் சுழிப்பாரா தெரியவில்லை.