‘தன்’ யாரைக் குறிக்கிறது? உதவுங்கள்

ஒரு கதைக்குப் பிழை திருத்துகிறேன். “மாலா கமலாவிடம் தன் கடிதத்தைக் கொடுத்தாள்” என்றால் சிக்கலில்லை, கடிதம் மாலாவுடையது. ‘தன்’ எழுவாயைத்தான் பிடிக்கும். ‘கமலாவிடம்’ எழுவாய் இல்லையே.

ஆனால் இது: “கமலா தன் கடிதத்தைப் படித்துவிட்டதாக மாலா சொன்னாள்.” இங்கே எழுவாய் இரண்டு. யாருடைய கடிதம்? கதைப்படி மாலாவுடையது, வாசிப்பவருக்கோ முதலில் கமலாதான் தோன்றுவாள். ‘அவள் கடிதத்தை’ என்று மாற்றினால் மூன்றாவது பெண் ஒருத்தி நுழைந்துவிடுகிறாள்!

இப்போதைக்கு இப்படி மாற்றியிருக்கிறேன்: “மாலா, தன் கடிதத்தைக் கமலா படித்துவிட்டதாகச் சொன்னாள்.” ‘தன்’னுக்கு முன்னால் மாலா மட்டும் இருப்பதால் அவள் பக்கம் சாய்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் படுகிறதா? பெயரைத் திரும்பச் சொல்லாமல் இன்னும் தெளிவாக்க வழி உண்டா?