கலைச்சொல்: வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பாடம் பார்க்கும்போது எழும் தேவைக்கு என்ன பெயர்?

தலவாக்கலை ஆசிரியை:

வணக்கம். பாடசாலைச் சேர்வரைப் பராமரிக்கும் ஆசிரியர்களுக்காகத் தமிழில் ஒரு கைந்நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதிவு செய்த பாடங்களைப் பிள்ளைகள் டெப்லெட்டில் பார்க்கிறார்கள். பட்டையகலத்தைக் கணக்கிடும் அத்தியாயத்தில் ஒரு சொல் வேண்டியிருக்கிறது.

தரம் 11 விஞ்ஞானப் பாடம் ஒன்று 35 நிமிடம், 315 மெகாபைட். எட்டால் பெருக்கினால் 2520 மெகாபிட். அதை 2100 செக்கனால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு செக்கனுக்கு 1.2 மெகாபிட். வகுப்பில் 36 பேர், ஆகவே மொத்தம் 43 மெகாபிட் சொச்சம். இந்த மொத்தத்தை எப்படி அழைப்பது? "ஒருசேரத் தேவை" என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா?

கண்டி, பொறியியல் மாணவன்:

மிஸ், "உச்சப் பட்டையகலம்" என்றாலே போதுமே. இன்னொன்று: எல்லாரும் பார்ப்பது ஒரே பாடம். சேர்வர் அதை 36 தரம் அனுப்பத் தேவையில்லை. ஒரு தரம் பொதுவாக அனுப்பி எல்லாரையும் பிடித்துக்கொள்ளச் சொன்னால் 1.2 மெகாபிட்டில் வேலை முடிந்துவிடும். அப்படி ஒரு முறை இருக்கும்போது இந்தச் சொல்லே வேண்டாம்.

பொகவந்தலாவை ஆசிரியர்:

எங்கள் பக்கம் மலைக்குப் பின்னால் இருப்பதால் ரவுட்டரை ஜன்னலில் வைத்தால்தான் சிக்னல் வரும். 43 மெகாபிட் எல்லாம் கனவு. இதற்கு மாதம் எத்தனை ஜிபி பெக்கேஜ் எடுக்க வேண்டும்? அதிபர் கேட்கிறார்.

பண்டாரவளை, வலையமைப்பு வேலை பார்ப்பவர்:

பொகவந்தலாவை சேர், மிஸ் சொல்வது இணைய இணைப்பைப் பற்றியது அல்ல. பாடங்கள் பாடசாலைக்குள் இருக்கும் சேர்வரிலேயே கிடக்கின்றன. புதிய பாடத்தை இரவில் ஒரு முறை இறக்கி வைக்க மட்டும்தான் இணையம் வேண்டும். 36 பேர் பார்த்தாலும் ரவுட்டருக்கு வெளியே ஒரு பைட்டும் போகாது. அதிபரிடம் பெரிய பெக்கேஜ் வேண்டாம் என்று சொல்லலாம்.

தம்பி, நீங்கள் சொல்லும் பொது அனுப்பல் வயரில் அழகாக வேலை செய்யும். வைஃபையில் இரண்டு சிக்கல். பொதுவாக அனுப்பும் பொட்டலத்தை அக்செஸ் பொயின்ட் வழக்கமாக மிக மெதுவான வேகத்தில்தான் அனுப்பும். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குக் கிடைக்காவிட்டால் திருப்பி அனுப்பவும் மாட்டாது. அப்புறம், இது பதிவு செய்த பாடம். ஒருத்தி நிறுத்தி எழுதுவாள், இன்னொருவன் பின்னால் போய்ப் பார்ப்பான். ஆளுக்கு ஒரு ஓட்டம் என்பதுதான் இதன் பயனே.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். மிஸ் போட்ட கணக்கு சராசரி. நடைமுறையில் சிக்குவது வேறு இடத்தில். ஆசிரியர் "சரி, ஆரம்பியுங்கள்" என்றதும் 36 பேரும் ஒரே நேரத்தில் தொடுவார்கள். பிரவுசர் பாடத்தின் வேகத்தில் கேட்பதில்லை. கிடைக்கிற வேகத்தில் முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொள்ளப் பார்க்கும். அக்செஸ் பொயின்டுக்குப் பக்கத்தில் இருப்பவர் அள்ளிக்கொள்வார், தூரத்தில் இருப்பவருக்கு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டு சொல் வேண்டும்: நிலையான கூட்டுத்தொகைக்கு ஒன்று, தொடக்க நெரிசலுக்கு இன்னொன்று. "உச்சம்" என்றால் இரண்டும் குழம்பும்.

மிஸ், கொள்ளளவை அளந்தீர்களா? சேர்வரில் `iperf3 -s` ஓட்டிவிட்டு, மடிக்கணினியைக் கடைசி வாங்கில் வைத்து இதை ஓட்டுங்கள்:

```
iperf3 -c 192.168.1.10 -R -t 20
```

`-R` முக்கியம். சேர்வரிலிருந்து பிள்ளைக்கு வரும் திசையை அது அளக்கும். அது இல்லாவிட்டால் எதிர்த் திசையை அளந்துகொண்டிருப்பீர்கள்.

தலவாக்கலை ஆசிரியை:

26 மெகாபிட் காட்டியது. மேசைக்குப் பக்கத்தில் இதைவிட நன்றாக இருக்கிறது. பின்பக்கம் பழைய கருங்கல் சுவர். டெப்லெட்டுகள் எல்லாம் 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும் பிடிப்பவை.

பண்டாரவளை:

அந்த 26, ஒரே ஒரு கருவி தனியாகப் பேசியபோது கிடைத்தது. ஒரே சனலில் 36 கருவி என்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேசலாம். முறைக்குக் காத்திருப்பதிலும் மோதிக்கொள்வதிலும் நேரம் போகும். சுவரோரத்தில் மெதுவாகப் பேசும் கருவி மற்றவர்களின் நேரத்தையும் தின்னும். நான் பாதியைத்தான் கணக்கில் எடுப்பேன்: 13 மெகாபிட். 36ஆல் வகுத்தால் ஆளுக்கு 360 கிலோபிட். உங்கள் தேவை 1200. சேர்வரில் குறையில்லை, எல்லாரும் ஒரே கோப்பைக் கேட்பதால் அது நினைவகத்திலேயே இருக்கும், டிஸ்க் ஓடாது. காற்றில்தான் இடம் போதவில்லை.

கண்டி:

படத்தின் உயரத்தை 480 புள்ளிக்குக் குறைத்துவிடலாமே, அண்ணா?

தலவாக்கலை ஆசிரியை:

குறைத்துப் பார்த்தோம். இரசாயனச் சமன்பாட்டில் கீழே சின்னதாக வரும் எண் தெரியவில்லை. 2ஆ 3ஆ என்று பிள்ளைகள் சண்டை.

பண்டாரவளை:

அப்படியானால் உயரத்தை 720இலேயே வைத்துக்கொண்டு அசைவைக் குறையுங்கள். கரும்பலகையில் செக்கனுக்கு 30 படம் எதற்கு?

```
ffmpeg -i padam.mp4 -vf scale=-2:720 -r 10 \
 -c:v libx264 -crf 28 -maxrate 280k -bufsize 560k \
 -c:a aac -ac 1 -b:a 48k -movflags +faststart siru.mp4
```

படமும் குரலும் சேர்ந்து சுமார் 328 கிலோபிட்டில் நிற்கும். 36 பேருக்கு 11.8 மெகாபிட், 13க்குள் வருகிறது. ஆசிரியர் குறுக்கே நடக்கும்போது படம் கொஞ்சம் கலங்கும், எழுத்து திரும்பத் தெளியும். கமராவைக் கையில் பிடித்து எடுத்த பாடங்களுக்கு இந்த வழி சரிவராது, படம் முழுக்க அசைந்துகொண்டே இருக்கும்.

தொடக்க நெரிசலுக்கு nginx-இல் இரண்டு வரி:

```
limit_rate_after 512k;
limit_rate 44k;
```

முதல் அரை மெகாபைட் தாராளமாகப் போகும், பிறகு ஒவ்வொருவருக்கும் கடிவாளம். இங்கே k என்பது 1024 பைட், பிட் அல்ல. 44ஐ 1024ஆலும் எட்டாலும் பெருக்கினால்தான் நம் 360 கிலோபிட் வரும். 360k என்று எழுதினால் எட்டு மடங்கு திறந்துவிட்டு, பூட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பதுளை, ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர்:

கணக்கு உங்களோடு இருக்கட்டும், சொல்லைப் பார்ப்போம். "ஒருசேரத் தேவை" நன்று. ஒருசேர என்பதில் ஒரே காலமும் இருக்கிறது, திரள்வதும் இருக்கிறது. "உடனிகழ் தேவை" என்று சிலர் எழுதக்கூடும். பிள்ளைகளுக்கு அகராதி வேண்டிவரும். தொடக்க நெரிசலுக்கு "தொடக்கப் பாய்ச்சல்" என்பேன்.

கண்டி:

ஐயா, பாய்ச்சல் என்றால் சேர்வர் பாய்வதுபோல் இருக்கிறது. இழுப்பது பிரவுசர்தானே? "முதலிழுப்பு" எப்படி?

பண்டாரவளை:

முதலிழுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஆரம்பத்தில் மட்டும் நடப்பதல்ல இது. பாதிப் பாடத்தில் கரண்ட் போய் அக்செஸ் பொயின்ட் திரும்ப எழும்பும்போது 36 டெப்லெட்டும் மறுபடி ஒன்றாக இழுக்கும். எல்லாரையும் ஒரே கணக்கைப் பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னாலும் அதேதான். "முதல்" அங்கே பொருந்துமா?

தலவாக்கலை ஆசிரியை:

ஒருசேரத் தேவையை அத்தியாயத் தலைப்பில் போட்டுவிட்டேன். மற்றதற்கு இடம் விட்டிருக்கிறேன். "ஒருசேர இழுப்பு" என்றால் கரண்ட் வந்த பிறகு நடப்பதையும் சொல்லலாம், ஆனால் முதல் சொல்லோடு மாறிப்போகுமோ என்று யோசனை. ஐயா என்ன சொல்கிறீர்கள்?