செவ்வகப் பிரமிடு: வலையை மடித்தால் விளிம்புகள் சேரவில்லை

மண்டபம் அம்மா:
மகள் எட்டாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்கு சார்ட் அட்டையில் பிரமிடு செய்கிறாள். அடிப்பக்கம் 18 செ.மீ., 10 செ.மீ. கொண்ட செவ்வகம். உச்சி நடுவில், உயரம் 12 செ.மீ. சாயுயரம் 13 என்று கண்டுபிடித்து, நான்கு பக்கமும் 13 உயரத்துக்கு முக்கோணம் வரைந்தாள். மடித்தால் 18 செ.மீ. பக்கத்து முக்கோணங்கள் இரண்டும் நீளமாக நிற்கின்றன, மற்ற இரண்டும் குட்டையாக இருக்கின்றன. மூலைகளில் கிட்டத்தட்ட 2 செ.மீ. வித்தியாசம். மொத்தப் புறப்பரப்பையும் எழுதி ஒட்ட வேண்டும். எங்கே சிக்கல்?

தொண்டி டியூஷன்:
சாயுயரம் சரிதான் அக்கா. உயரம் 12, 10-இல் பாதி 5. 144 + 25 = 169, அதன் வர்க்கமூலம் 13. வெட்டும்போது கத்தரி விலகியிருக்கும். பரப்புக்கு சுற்றளவில் பாதியைச் சாயுயரத்தால் பெருக்குங்கள்: 28 × 13 = 364. அடிப்பக்கம் 180. மொத்தம் 544 ச.செ.மீ.

ராம்நாடு கணக்கு வாத்தியார்:
கத்தரி விலகினால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் போகும், 2 செ.மீ. போகாது. 13 என்பது சரியான எண்தான், ஆனால் அது இரண்டு முக்கோணங்களுக்கு மட்டுமே.

பிரமிடுக்குள் ஒரு குச்சி நேராக நிற்பதாக நினையுங்கள். அதன் அடியிலிருந்து 18 செ.மீ. பக்கத்துக்கு 5 செ.மீ. தூரம். அந்தப் பக்கத்துச் சாயுயரம் 13. ஆனால் 10 செ.மீ. பக்கத்துக்குப் போக 9 செ.மீ. தூரம். 144 + 81 = 225. அங்கே சாயுயரம் 15.

வெட்டுவதற்கு முன்பே சரிபார்க்கலாம். ஒட்டப்போகும் இரண்டு விளிம்புகளும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். 18 பக்கத்து முக்கோணத்தில் சாய்ந்த விளிம்பின் வர்க்கம் 13² + 9² = 250. 10 பக்கத்தில் 15² + 5², அதுவும் 250. இரண்டும் சுமார் 15.8 செ.மீ. 13 என்றே வரைந்தால் 10 பக்கத்து விளிம்பு 13.9 தான் வரும். உங்கள் 2 செ.மீ. அங்கேதான் இருக்கிறது.

பரப்பு: அடி 180. 18 × 13 = 234, இது எதிரெதிர் முக்கோணங்கள் இரண்டும் சேர்ந்து. 10 × 15 = 150, மற்ற இரண்டும். மொத்தம் 564 ச.செ.மீ. தம்பி சொன்ன சுற்றளவுச் சூத்திரம் எல்லாச் சாயுயரங்களும் சமமாக உள்ள பிரமிடுக்குத்தான். சதுர அடி, நடுவில் உச்சி என்றால் தாராளமாகப் போடலாம்.

வரைய ஒரு சுலப வழி: காம்பஸை 15.8-க்கு விரித்து, ஒவ்வொரு பக்கத்தின் இரு முனைகளிலிருந்தும் வில் போடச் சொல்லுங்கள். வெட்டும் இடம்தான் உச்சி. ஒட்டு மடிப்பு தனியாக விடுங்கள், அது பரப்புக் கணக்கில் சேராது.

மூக்கையூர் கருவாட்டுக் கொட்டகை:
சார், நம்ம கொட்டகைக்கும் ஒரு கணக்கு சொல்லுங்க. இரு பக்கமும் கூரை தரை வரைக்கும் சரியும். தரையில் அகலம் 16 அடி, முகட்டு உயரம் 6 அடி, நீளம் 20 அடி. தார்ப்பாய் வாங்கணும். மொத்தப் புறப்பரப்பு போட்டா 816 சதுர அடி வருது. அவ்வளவு வேணுமா?

ராம்நாடு கணக்கு வாத்தியார்:
அண்ணே, உங்களது முக்கோணப் பட்டகம். 816 சரிதான், ஆனால் அதில் தரையும் சேர்ந்திருக்கிறது. வலையை வரைந்து தரைச் செவ்வகத்தை அடித்துவிடுங்கள்: 16 × 20 = 320 போய்விடும். சரிவு ஒவ்வொன்றும் 10 அடி (8, 6, 10 முக்கோணம்). இரண்டு சரிவும் சேர்ந்து 20-க்கு 20 ஒரே பாய், 400 சதுர அடி. முன்னும் பின்னும் முக்கோணங்கள் 48 வீதம் 96. காற்றோட்டத்துக்கு அவற்றைத் திறந்துவிட்டால் 400 போதும், மூடினால் 496. இழுத்துக் கட்ட ஓரத்தில் எவ்வளவு விடுவது என்பது உங்கள் கையில்.

மூக்கையூர் கருவாட்டுக் கொட்டகை:
வாடைக் காத்துக்கு ஓரம் ஒரு அடியாவது வேணும். அப்ப 22-க்கு 22 கேட்கிறேன்.

தொண்டி டியூஷன்:
சார், உச்சி நடுவில் இல்லாமல் ஒரு மூலைக்கு நேர் மேலே இருந்தால்? சாயுயரம் எத்தனை வரும்?

ராம்நாடு கணக்கு வாத்தியார்:
அந்த மூலையைத் தொடும் இரண்டு முகங்களும் செங்குத்தாக நிற்கும், இரண்டும் செங்கோண முக்கோணங்கள். அவற்றின் உயரம் 12-ஏ. மற்ற இரண்டையும் நீங்களே வரைந்து போடுங்கள், பார்க்கிறேன்.

மண்டபம் அம்மா:
காம்பஸ் வைத்து வரைந்தாள் சார், விளிம்புகள் சேர்ந்துவிட்டன. ஆனால் மடித்து நிறுத்தி அளந்தால் உயரம் 12-க்குக் கொஞ்சம் குறைவாகத் தெரிகிறது. அட்டையின் தடிமனா, அளக்கும் விதமா?